"ஒரு அடையாறு, கொஞ்சம் பாஸ் பண்ணுங்க"

சென்னை மாநகரப் பேருந்தில் பழக்கமில்லாத ஒருவர் முன்படியில் ஏறிக் கம்பியைப் பிடித்து நின்ற சற்று நேரத்தில், யாரோ அவர் தோளைத் தட்டுவார்கள். திரும்பிப் பார்த்தால் முன்பின் தெரியாத ஒரு கை. அதில் ஒரு பத்து ரூபாய்த் தாள். "ஒரு மந்தவெளி, கொஞ்சம் பாஸ் பண்ணுங்க." வெளியூர்க்காரர் அந்தத் தாளை வைத்துக்கொண்டு விழிப்பார். பக்கத்தில் இருப்பவர் அதை அவர் விரல்களிலிருந்து உருவி, "மந்தவெளி ஒண்ணு" என்று சொல்லிப் பின்னால் நகர்த்துவார். கொஞ்ச நேரத்தில் அதே வழியில் சீட்டும் சில்லறையும் திரும்பி வரும்.

தமிழ்நாட்டின் மற்ற ஊர்களில் பெரும்பாலும் நடத்துநர்தான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு பயணியிடம் வருவார். மதுரையிலும் கோவையிலும் அதுதான் வழக்கம். சென்னையில் நடத்துநருக்குப் பின்படியை ஒட்டி ஓர் இருக்கை உண்டு. கூட்டம் அதிகமான நேரத்தில் அவர் அங்கிருந்து எழுந்தால் பின்படியில் தொங்குபவர்களைக் கவனிக்க ஆளில்லை. எழுந்தாலும் முன்பக்கம் வந்து சேர்வதற்குள் நான்கு நிறுத்தங்கள் போய்விடும். அதனால் அவர் உட்கார்ந்த இடத்திலேயே இருக்க, காசு அவரைத் தேடிப் போகிறது. 1972-இல் பல்லவன் போக்குவரத்துக் கழகம் என்ற பெயரில் தொடங்கி இன்று மாநகர் போக்குவரத்துக் கழகமாக இருக்கும் இந்தப் பேருந்துகளில், தலைமுறை தலைமுறையாகப் பயணிகள் இதைக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறார்கள். யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. சுவரில் எழுதி வைத்ததும் இல்லை.

நகரப் பேருந்துக்குள் நடக்கும் சின்னச் சின்ன உதவிகளையும் சின்னச் சின்னச் சண்டைகளையும் புரிந்துகொள்ள வேண்டுமானால், இந்தக் காசு போகும் வழியைப் பார்ப்பதுதான் சரியான இடம் என்று நினைக்கிறேன். உதவி, சண்டை இரண்டுக்கும் காரணம் ஒன்றே: அங்கே யாரும் தன் வேலையைத் தானே முடித்துக்கொள்ள முடியாது. அடுத்தவர் கை வேண்டும்.

இதற்கென்று சில முறைகள் இருக்கின்றன. காசைக் கொடுக்கும்போது இறங்கும் இடத்தையும் எத்தனை பேர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். "ரெண்டு லஸ்" என்றால் போதும். வாங்குபவர் அதையே மறுபடி சொல்லி அடுத்தவரிடம் தருவார். சொல்லாமல் தாளை மட்டும் நகர்த்தினால் நடுவழியில் யாரோ "இது எங்கே?" என்று கேட்பார்கள், கேள்வி முன்னால் வந்து, பதில் பின்னால் போக வேண்டும். சில்லறையைச் சீட்டுக்குள் மடித்து அனுப்புவது நடத்துநரின் வழக்கம். நடுவில் இருப்பவர்கள் அதைப் பிரிக்க மாட்டார்கள். நாணயங்கள் தனியாக வந்தால் உள்ளங்கையிலிருந்து உள்ளங்கைக்குக் கவிழ்த்துத் தருவார்கள். பேருந்து வளைவில் திரும்பும்போதும் பிரேக் போடும்போதும் யாரும் காசு மாற்றுவதில்லை. வண்டி நேரான பிறகுதான் கை நீளும். பெரிய நோட்டு என்றால் கொடுப்பவரே "ஐநூறு, ஐநூறு" என்று இரண்டு முறை சொல்லிவிடுவார். வழியில் உள்ள அத்தனை பேரும் அதற்குச் சாட்சி.

இந்த வழியில் காசு தொலைவது மிகக் குறைவு. கூட்டத்தில் சட்டைப் பையிலிருந்து பர்ஸ் போகும். கழுத்துச் சங்கிலி போகும். ஆனால் கையில் வெளிப்படையாகக் கொடுக்கப்பட்ட ஐந்து ரூபாயை எடுத்துக்கொண்டு இறங்கிப் போகிறவர் கிடையாது. பயணிகள் எல்லோரும் யோக்கியர்கள் என்பதால் மட்டும் இப்படி நடப்பதில்லை. கொடுத்தவர் பார்த்துக்கொண்டிருக்கிறார், வாங்கப்போகிறவர் கை நீட்டியிருக்கிறார், இரண்டு பக்கமும் கண்கள் இருக்கின்றன. நம்பிக்கையும் கண்காணிப்பும் சேர்ந்துதான் அந்தத் தாளை நடத்துநரிடம் கொண்டுசேர்க்கின்றன. தவறு நேர்வது திருட்டினால் அல்லாமல், குழப்பத்தினால்தான். அப்படி ஒரு குழப்பம் எப்படிப் பிறந்து எப்படி முடிகிறது என்பதை ஒரு மாலைப் பயணத்தில் பார்க்கலாம்.

பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போகும் 29சி. அலுவலகம் விடும் நேரம். ஜெமினியில் நிற்கும்போதே உள்ளே இடமில்லை. ஆனாலும் ஏறினார்கள். "உள்ள போ, உள்ள போ, நடுவுல காலியாத்தானே இருக்கு" என்று நடத்துநர் குரல் கொடுத்தார். அவர் சொன்னது உண்மைதான். நெரிசலான பேருந்தில் இரண்டு படிகளுக்கும் அருகில்தான் ஆள் குவிந்திருக்கும். நடுவில் மூன்று பேர் நிற்கலாம். உள்ளே போனால் இறங்கும்போது வெளியே வர முடியாது என்ற பயம் ஒவ்வொருவருக்கும். அந்தப் பயத்தினால் எல்லோரும் படியருகே நிற்க, உண்மையிலேயே யாராலும் இறங்க முடியாமல் போகிறது. பேருந்துச் சண்டைகளில் பாதி இந்த இரண்டடி இடத்தில் பிறப்பவை.

கதீட்ரல் சாலையில் வண்டி ஊர்ந்தது. முன்படி அருகே கல்லூரிப் பையை முதுகில் மாட்டிய ஓர் இளைஞன், கூட வந்த நண்பனுக்கும் சேர்த்து நூறு ரூபாய்த் தாளைப் பின்னால் நீட்டினான். "ரெண்டு அடையாறு." காதில் ஒரு பக்கம் இயர்போன். ஏறக்குறைய அதே நேரத்தில் வலதுபக்க இருக்கை ஓரம் நின்ற ஒரு பெரியவரும் நூறு ரூபாய் கொடுத்தார். "ஒரு அடையாறு." இரண்டு தாள்களும் நடுவில் நின்ற பூக்காரம்மாவின் கைக்கு வந்தன. மடியில் கூடை, ஒரு கையில் கம்பி. அவர் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, "ரெண்டு ஒண்ணு, ஒண்ணு ரெண்டு, எல்லாம் அடையாறு" என்று பின்னால் தந்தார். நடத்துநர் சரியாகவே புரிந்துகொண்டார். இயந்திரத்தில் இரண்டு முறை தட்டினார். ஒரு சீட்டு இரண்டு பேருக்கு, இன்னொன்று ஒருவருக்கு. ஆளுக்குப் பத்து ரூபாய். ஒன்றில் எண்பது ரூபாய் மடித்தார், மற்றதில் தொண்ணூறு. இரண்டையும் முன்னால் அனுப்பினார்.

திரும்பி வரும்போது மாறிப்போனது. பூக்காரம்மா அதற்குள் ஒரு இருக்கை கிடைத்து உட்கார்ந்துவிட்டார். அவர் இடத்தில் நின்றவருக்கு எந்தச் சீட்டு யாருடையது என்று தெரியாது. "அடையாறு யாருங்க?" என்றார். இரண்டு கைகள் நீண்டன. அருகிலிருந்த கையில் முதல் மடிப்பை வைத்தார். தூரத்துக் கைக்கு இரண்டாவதை அனுப்பினார். பெரியவர் வாங்கியதைப் பிரித்துப் பார்க்காமல் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். இளைஞன் பிரித்துப் பார்த்தான்.

"கண்டக்டர், ரெண்டு கேட்டேன். ஒண்ணுதான் குடுத்திருக்கீங்க."

"மீதி எவ்ளோ வந்துச்சு?"

"தொண்ணூறு."

"அப்ப ஒண்ணுக்குத்தானே எடுத்திருக்கேன். இன்னொரு பத்து அனுப்பு."

"நான் ரெண்டுன்னுதான் சொன்னேன். பஸ்ஸே கேட்டுச்சு."

இந்த இடத்தில் பத்து ரூபாயைக் கொடுத்துவிட்டு இன்னொரு சீட்டு வாங்கியிருந்தால் அவனுக்கு நஷ்டமில்லை. தொண்ணூறிலிருந்து பத்து போனால் எண்பது, கணக்குச் சரி. ஆனால் நடத்துநருக்கு அது கணக்கில் ஒரு சீட்டு கூடுதல். பெரியவருக்குப் பத்து ரூபாய் குறைவு. நடத்துநர் ஒரு நிமிடம் இயந்திரத்தைப் பார்த்தார். மின்னணு இயந்திரம் வந்த பிறகு ஒவ்வொரு சீட்டிலும் எங்கே ஏறியது, எங்கே இறங்குவது, எத்தனை பேர், எவ்வளவு கட்டணம், என்ன நேரம் என்பதெல்லாம் அச்சாகிறது. முன்பு விரலிடுக்கில் கட்டுக்கட்டாகச் சீட்டு வைத்துக் கிழித்துக் கொடுத்த காலத்தில் இப்படிச் சரிபார்க்க வழியில்லை. யார் குரல் பெரிதோ அவர் சொன்னதுதான் கணக்கு.

"ரெண்டு அடையாறு நான் போட்டிருக்கேன். அது யார்கிட்டயோ போயிருக்கு. நூறு ரூபா குடுத்து ஒத்த அடையாறு வாங்கினது யாருப்பா? சீட்டைப் பிரிச்சுப் பாருங்க."

யாரும் பேசவில்லை. இளைஞனின் நண்பன், "எடுத்து வெச்சிக்கிட்டு கம்முனு இருக்காங்க பாரு" என்றான். சண்டைக்கு வேண்டியது அந்த ஒரு வரிதான். பெரியவர் திரும்பினார். "யாரைப் பார்த்துச் சொல்றே? நான் என்ன உன் காசைத் திருடினேனா?" இளைஞன், "உங்களை யாரு சொன்னா?" என்றான். குரல்கள் ஏறின. பின்னாலிருந்து ஒருவர், "விடுப்பா, பெரியவர்கிட்ட என்ன பேச்சு" என்றார். வேறொருவர், "பெரியவர்னா சீட்டைக் காட்டட்டுமே" என்றார். சம்பந்தமே இல்லாத இரண்டு பேர் இப்போது எதிரெதிர்க் கட்சி.

முடித்துவைத்தது பூக்காரம்மா. இருக்கையிலிருந்தே சொன்னார்: "நான்தான் குடுத்தேன். ஐயா ஒண்ணு கேட்டாரு, தம்பி ரெண்டு. மாறிப் போயிருக்கும். ஐயா, அந்தப் பாக்கெட்டுல பாருங்க." பெரியவர் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கண்ணுக்கு அருகே வைத்துப் பார்த்தார். கண்ணாடி இல்லாமல் எழுத்து தெரியவில்லை. அருகில் நின்ற பள்ளிக்கூடப் பெண் வாங்கிப் படித்தாள். "ரெண்டு பேருன்னு போட்டிருக்கு தாத்தா." சீட்டைச் சீட்டுக்கு மாற்றி, இளைஞன் பத்து ரூபாயை நீட்டினான். பெரியவர் வாங்கிக்கொண்டார். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. இருவரும் வேறு வேறு பக்கம் பார்த்தார்கள்.

லஸ்ஸில் இன்னும் கூட்டம் ஏறியது. "ஒரு பெசன்ட் நகர்" என்று ஒரு பத்து ரூபாயும் ஒரு நாணயமும் முன்னாலிருந்து வந்தன. இளைஞன் வாங்கிப் பெரியவரிடம் தந்தான். பெரியவர், "பெசன்ட் நகர் ஒண்ணு" என்று சொல்லிப் பின்னால் தந்தார். இருவர் முகத்திலும் கோபம் அப்படியே இருந்தது. ஆனாலும் காசு நிற்கவில்லை. பேருந்துச் சண்டையின் இயல்பு இதுதான். வீட்டுச் சண்டையிலும் தெருச் சண்டையிலும் பேச்சை முறித்துக்கொண்டு விலகிவிடலாம். இங்கே விலக இடமில்லை. கோபித்துக்கொண்டவரின் கையைத் தாண்டித்தான் அடுத்தவரின் சீட்டு போக வேண்டும். அதனால் சண்டை சீக்கிரம் மூள்கிறது, சீக்கிரம் தணிகிறது, பெரும்பாலும் யாராவது ஒருவர் இறங்கும் நிறுத்தத்தில் முற்றிலும் முடிந்துவிடுகிறது.

காசுக்கு அடுத்தபடியாகப் பேருந்தில் கைமாறுவது பை. நிற்பவரின் கனமான பையை உட்கார்ந்திருப்பவர் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொள்வது சென்னையில் இன்றும் நடக்கிறது. "குடுங்க, நான் வெச்சிக்கிறேன்" என்பதற்கு மேல் பேச்சில்லை. பள்ளிப் பிள்ளைகள் கேட்காமலேயே பையை மடியில் வைத்துவிடுவார்கள். மூன்று புத்தகப் பைகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவரின் முகமே தெரியாது. கைக்குழந்தையும் இப்படித்தான். தாய் கம்பியைப் பிடிக்க முடியாமல் தடுமாறினால் ஏதோ ஓர் இருக்கையிலிருந்து கைகள் நீண்டு குழந்தையை வாங்கிக்கொள்ளும். குழந்தை புதிய முகத்தைப் பார்த்து அழுதால், ஜன்னலைக் காட்டிச் சமாதானம் சொல்வதும் அந்தப் புதிய முகம்தான். தன் மடியைத் தருவதற்குத் தயங்காத அதே மனிதர், தன் இருக்கையைத் தருவதற்குத் தயங்குவார். அதையும் பார்க்கிறோம்.

இருக்கை கேட்பது பற்றி ஒரு பழைய ஆய்வு உண்டு. அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் 1970-களின் தொடக்கத்தில் தன் மாணவர்களை நியூயார்க் சுரங்க ரயிலுக்கு அனுப்பினார். உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் போய், எந்தக் காரணமும் சொல்லாமல், "உங்கள் இருக்கையை எனக்குத் தருகிறீர்களா?" என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான். கேட்கப்பட்டவர்களில் சுமார் 68 சதவீதம் பேர் எழுந்து இடம் கொடுத்தார்கள் அல்லது நகர்ந்து இடம் பண்ணினார்கள். நின்றுகொண்டு புத்தகம் படிக்க முடியவில்லை என்று அற்பமான ஒரு காரணத்தைச் சொன்னபோது, இடம் கிடைத்தது பாதிக்கும் குறைவானவர்களிடம். காரணம் இல்லாமல் கேட்டவருக்கு ஏதோ உண்மையான கஷ்டம் இருக்கும் என்று மனிதர்கள் தாங்களே ஊகித்துக்கொண்டார்கள் என்பது ஒரு விளக்கம். ஆனால் அந்த ஆய்வில் மில்கிராமுக்கு அதிகம் வியப்பளித்தது வேறு. கேட்கப் போன மாணவர்களுக்குத் தொண்டை அடைத்தது. சிலருக்குக் குமட்டலே வந்தது. தானே ஒருமுறை கேட்டுப் பார்த்த மில்கிராமுக்கும் அதே நிலைதான். கொடுப்பதைவிடக் கேட்பதுதான் கடினமாக இருந்தது.

நம் ஊர்ப் பேருந்தில் தினமும் நடப்பது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. முழங்கால் வலியுள்ளவர், மாதவிடாய் நாளில் நிற்க முடியாத பெண், ஆறு மணி நேரம் கடையில் நின்றுவிட்டு வரும் விற்பனைப் பெண், இவர்கள் யாரும் கேட்பதில்லை. உட்கார்ந்திருப்பவர்களுக்கு இவர்களைப் பார்த்தால் தெரிவதும் இல்லை. முடி நரைத்தவருக்கும் வயிறு தெரியும் கர்ப்பிணிக்கும் இடம் கிடைத்துவிடுகிறது. வெளியே தெரியாத வலிக்குக் கிடைப்பதில்லை. பிறகு யாரோ ஒருவர் "இந்தக் காலத்துப் பிள்ளைங்க எழுந்திருக்குதா பார்" என்று பொதுவாகச் சொல்ல, அது ஒருவருக்கும் உறைக்காமல் எல்லோரையும் எரிச்சல்படுத்துகிறது. "தம்பி, நிக்க முடியல, கொஞ்சம் இடம் தர்றியா?" என்று ஒருவரைப் பார்த்து நேராகக் கேட்டால் கதை வேறு. கேட்கப்பட்டவர் எழுந்துவிடுகிறார். மூன்று பேர் இருக்கையில் நான்காவதாக ஒரு ஓரம் கிடைத்துவிடுகிறது.

அன்றைய 29சி-யிலும் இருக்கையைப் பற்றி ஒரு பேச்சு எழுந்தது. அது முன்னும் பின்னும் இளஞ்சிவப்பு பூசிய சாதாரணக் கட்டணப் பேருந்து. 2021 மே மாதத்திலிருந்து இவற்றில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது; திருநங்கையருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இல்லை. கட்டணமில்லாச் சீட்டு என்று ஒன்றை நடத்துநர் தருவார். மந்தவெளி தாண்டியதும் நின்றுகொண்டிருந்த ஒருவர் சத்தமாகச் சொன்னார்: "காசு குடுத்தவன் நிக்கிறான், ஓசில வர்றவங்க உக்காந்திருக்காங்க." இடதுபக்கம் உட்கார்ந்திருந்த ஒரு பெண், மடியில் டிபன் கூடை, நாலு வீட்டில் வேலை செய்து திரும்புகிறவர் என்று பேச்சிலிருந்து தெரிந்தது, நிமிர்ந்து பார்த்தார். "எங்கிட்டயும் சீட்டு இருக்கு அண்ணே. கவர்மெண்ட் எனக்காகக் கட்டுது. காலைல அஞ்சரைக்குக் கிளம்பினவ நான்." அவர் குரலை உயர்த்தவில்லை. ஆனால் சுற்றியிருந்த பெண்கள் அத்தனை பேரும் ஒரே சமயத்தில் அந்த மனிதரைப் பார்த்தார்கள். அவர் ஏதோ முணுமுணுத்துவிட்டு நகர்ந்தார்.

இந்தச் சண்டையை மற்றச் சண்டைகளோடு சேர்த்து எண்ண எனக்கு மனமில்லை. சீட்டு மாறியது குழப்பம், இது அவமதிப்பு. மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு ஒன்று, இந்தப் பயணத்தால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று கணக்கிட்டது. வீட்டு வேலை செய்கிறவருக்கு அது ஒரு வீட்டுச் சம்பளத்தில் கணிசமான பங்கு. அதை அரசு பொதுப் பணத்திலிருந்து போக்குவரத்துக் கழகத்துக்குக் கொடுக்கிறது. அந்தப் பெண் சொன்ன மூன்று வாக்கியங்களில் கூட்டவோ குறைக்கவோ எதுவும் இல்லை.

மில்கிராம் வேறொன்றையும் எழுதியிருக்கிறார். தினமும் ஒரே நேரத்தில் ஒரே நிறுத்தத்தில் பார்க்கும், ஆனால் ஒருமுறையும் பேசியிராத மனிதர்களை 'பழகிய அந்நியர்' என்று 1972-இல் அவர் குறிப்பிட்டார். ரயில் நிலையத்தில் பல ஆண்டுகளாக அருகருகே நிற்பார்கள், பேச மாட்டார்கள். ஆனால் அவர்களில் ஒருவருக்கு ஆபத்து என்றால் முதலில் உதவ வருவது இன்னொருவராக இருக்கும். நம் பேருந்துகளில் இந்த உறவு இன்னும் கொஞ்சம் நெருக்கமானது, ஏனென்றால் இங்கே காசும் பையும் கை மாறியிருக்கின்றன. வழக்கமாக ஏழரை மணி வண்டியில் வரும் பெண் நிறுத்தத்தை நோக்கி ஓடி வருவதை ஜன்னலோரம் இருப்பவர் பார்த்தால், "ஓல்டான், ஆளு வருது" என்று குரல் கொடுப்பார். நடத்துநர் ஒரு விசில் ஊதுவார், வண்டி நிற்கும். அவர் ஏறியதும் இரண்டு விசில், கிளம்பும். ஏறியவர் நன்றி சொல்வதில்லை. ஓடி வந்த மூச்சோடு, "ஒரு சீட்டு" என்று கேட்பார். அடுத்த வாரம் குரல் கொடுத்தவர் ஓடி வர நேர்ந்தால், வண்டியை நிறுத்தச் சொல்வது அவராக இருக்கும். பேர் தெரியாது, ஊர் தெரியாது. இறங்கும் இடம் மட்டும் தெரியும். அடையாறு நெருங்கும்போது தூங்கிக்கொண்டிருப்பவரைத் தட்டி எழுப்புவதற்கு அது போதும்.

சில ஆண்டுகளாக இந்த வழி மாறிக்கொண்டு வருகிறது. நடத்துநரின் புதிய இயந்திரங்களில் யுபிஐ-யிலும் பணம் கட்டலாம். 2025 ஜனவரியிலிருந்து சிங்காரச் சென்னை அட்டையைப் பேருந்திலும் பயன்படுத்த முடிகிறது. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த 'சென்னை ஒன்' செயலியில் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் கைபேசியிலேயே சீட்டு எடுத்துவிடலாம். தாழ்தளப் பேருந்துகள் வந்திருக்கின்றன. சக்கர நாற்காலியோடு ஏற அவை வழி செய்கின்றன. இவையெல்லாம் நல்லவை. "சில்லறை இல்லாம ஏன் ஏர்றே?" என்ற கேள்வியால் காலை நேரத்தில் நடத்துநரும் பயணியும் பட்ட பாடு கொஞ்சமல்ல. இரண்டு ரூபாய் பாக்கியைச் சீட்டின் பின்னால் எழுதிக் கொடுத்து, இறங்கும்போது கேட்க மறந்து, மறுநாள் மனம் கசந்தவர்கள் எத்தனையோ பேர். அந்தக் கசப்பு குறைவதை வரவேற்க வேண்டும்.

ஆனால் கைபேசியை யாரும் ஏழு கை தாண்டி நடத்துநரிடம் பாஸ் பண்ண மாட்டார்கள். அட்டையையும் அப்படித்தான். செயலியில் சீட்டு எடுத்தவருக்குப் பக்கத்தில் நிற்பவரின் உதவி தேவையில்லை. காதில் இயர்போன் இருந்தால் யாராவது தோளைத் தட்டுவதும் தெரிவதில்லை. அதே வண்டியில் நாணயத்தோடு ஏறுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்: கைபேசியில் பணம் கட்டத் தெரியாத முதியவர், கட்டட வேலைக்கு வந்த வெளிமாநிலத் தொழிலாளி, வீட்டில் கொடுத்த பத்து ரூபாயோடு டியூஷனுக்குப் போகும் சிறுவன். அவர்களுடைய காசு இப்போது நடுவழியில் அடிக்கடி நின்றுவிடுகிறது. நீட்டிய கையை யாரும் பார்ப்பதில்லை. "பாஸ் பண்ணுங்க" என்று மூன்று முறை சொன்ன பிறகு அவர்களே கூட்டத்தை இடித்துக்கொண்டு பின்னால் போக, "ஏன் தள்றே?" என்று புதிதாக ஒரு சண்டை பிறக்கிறது. பரிசோதகர் ஏறும்போது சீட்டில்லாமல் நிற்பவரும் அந்தச் சிறுவனாகவோ தொழிலாளியாகவோ இருக்கலாம். சீட்டு இல்லாப் பயணத்துக்கு அபராதம் 500 ரூபாய் வரை. காசை அனுப்பினேன், யாரும் வாங்கவில்லை என்று அவரிடம் சொல்லி நிரூபிக்க முடியாது.

ஆகவே பேருந்தில் போகிறவர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். உங்களிடம் செயலி இருந்தாலும், ஒரு காதையாவது திறந்து வையுங்கள். கைக்கு வரும் காசை இடத்தையும் எண்ணிக்கையையும் சத்தமாகச் சொல்லி அடுத்தவரிடம் கொடுங்கள். இரண்டு பேர் காசு ஒன்றாக வந்தால் ஒன்று போய்ச் சேர்ந்த பிறகு மற்றதை அனுப்புங்கள். உங்கள் சீட்டு திரும்பி வந்தால் பைக்குள் போடுமுன் பிரித்து, எத்தனை பேருக்கு என்று ஒரு முறை பாருங்கள். முதுகுப் பையைக் கழற்றி முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். நிற்க முடியாவிட்டால் கூசாமல் ஒருவரைப் பார்த்து இடம் கேளுங்கள். கொடுப்பவர்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம்.